சனிக்கிழமை விடியற்காலை வந்த பூஜ்யம்

முதலீட்டாளர்களுக்குக் கணக்கு அறிக்கை அனுப்பும் சென்னை அலுவலகம் ஒன்றில் சில காலம் வேலை பார்த்தேன். அங்கே தினமும் விடியற்காலை 2 மணிக்கு ஒரு ஸ்க்ரிப்ட் தானாக ஓடும். தேசியப் பங்குச் சந்தையின் தளத்திலிருந்து முந்தைய நாளின் இறுதி விலைக் கோப்பை எடுத்து வந்து, எத்தனை வரி ஏற்றியது என்று மெயில் அனுப்பும். சந்தை நடக்காத நாளுக்குக் கோப்பே இருக்காது. அப்போது மெயிலில் ‘0’ என்று வரும். அது பிழையல்ல.

இந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் விலகும்போது, புதிதாக வந்த பெண்ணுக்கு ஒரே வரியில் ஒப்படைப்புக் குறிப்பு எழுதிவைத்தார்: “சனி, ஞாயிறு காலியாக வரும், கண்டுகொள்ள வேண்டாம்.” இரண்டாவது வாரமே சனிக்கிழமை காலை ‘0’ வந்தது. குறிப்பில்தான் இருக்கிறதே என்று அவர் விட்டுவிட்டார். திங்களன்று போன அறிக்கைகளில் இருந்தது வியாழக்கிழமை விலை.

தவறு யாருடையது? சனிக்கிழமை விடியலில் ஓடும் ஸ்க்ரிப்ட் எடுப்பது வெள்ளிக்கிழமை விலையை. அது நிரம்பி வர வேண்டிய நாள். காலியாக வர வேண்டியவை ஞாயிறு, திங்கள் காலை மெயில்கள். ஆனால் குறிப்பு எழுதியவர் பொய் சொல்லவில்லை. அவர் மெயிலைப் பார்ப்பதில்லை, சர்வரில் லாக்கைப் பார்ப்பவர். சர்வரின் கடிகாரம் யு.டி.சி. நேரத்தில் இருந்தது. நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால்.

```
30 20 * * * /opt/jobs/closing_price.sh
```

இந்த வரிக்குப் பொருள் தினமும் இரவு 8:30. நம் கடிகாரத்தில் அது மறுநாள் விடியற்காலை 2 மணி. லாக்கில் சனி என்று பதிவாகும் ஓட்டத்தின் மெயில் நம் கைக்கு ஞாயிறன்று வரும். அதனால் குறிப்பில் கிழமையை மட்டும் எழுதினால் போதாது. ‘சனிக்கிழமை சந்தைக்கான ஓட்டம், மெயில் ஞாயிறு காலை 2 மணிக்கு, காலியாக வரும்’ என்று எந்த நாளின் தரவு, எப்போது கைக்கு வரும் என இரண்டையும் சொல்ல வேண்டும்.

அப்படியானால் வார இறுதியில் ஓடாமல் நிறுத்திவிடலாமே என்று அந்தப் பெண் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் 2025 பிப்ரவரி 1 சனிக்கிழமை. பட்ஜெட் நாள் என்பதால் சந்தை நடந்தது. 2023 நவம்பர் 12 ஞாயிறு. தீபாவளி முகூர்த்த வர்த்தகம் அன்று மாலை நடந்தது. இந்த இரண்டு நாளுக்காகத்தான் ஆண்டு முழுக்க வார இறுதிப் பூஜ்யங்களைப் பொறுத்துக்கொள்கிறோம். இந்தக் காரணத்தையும் எழுதிவைக்காவிட்டால், சுறுசுறுப்பான யாராவது ஒருநாள் அதைச் ‘சரிசெய்து’விடுவார்கள்.

விடுமுறையிலும் இதே வம்பு உண்டு. பொங்கலுக்கு நம் அலுவலகம் பூட்டியிருக்கும். 2025 ஜனவரி 14 அன்று சந்தை வழக்கம்போல் நடந்தது. ஆகவே குறிப்போடு இருக்க வேண்டியது சந்தையின் விடுமுறைப் பட்டியல், நம் சுவரில் தொங்கும் காலண்டர் அல்ல.

சரி, அந்தச் சனிக்கிழமை என்னதான் நடந்தது? தளத்தோடு இணைப்பே கிடைக்கவில்லை. ஆனால் அந்த ஸ்க்ரிப்டுக்குக் கோப்பு இல்லை என்பதும் இணைப்பு இல்லை என்பதும் ஒன்றுதான். இரண்டுக்கும் ‘0’ போட்டுவிட்டு, வேலை நல்லபடியாக முடிந்தது என்றது. லாக்கைத் திறந்து பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். விடுமுறையென்றால் தளம் 404 என்று பதில் சொல்லியிருக்கும். இணைப்பு விழுந்திருந்தால் பதிலே இருக்காது. 404 வந்தாலும் முழுதாக நம்புவதற்கில்லை. 2024 ஜூலை 8 முதல் சந்தை பழைய கோப்பு வடிவத்தை நிறுத்தியது. பழைய பெயரில் தேடியவர்களுக்கு, சந்தை நடந்த நாளிலும் கோப்பு இல்லை. மெயிலே வராத காலை இவை எல்லாவற்றையும்விட மோசம். அன்று ஸ்க்ரிப்ட் ஓடவேயில்லை என்று எடுத்துக்கொண்டு பார்க்க வேண்டும்.

பிறகு நாங்கள் மாற்றி எழுதிய குறிப்பு அரைப் பக்கம் வந்தது. அதில் எனக்குப் பிடித்த வரி இது: “ஞாயிறு, திங்கள் காலை இரண்டு பூஜ்யம் வழக்கம். திங்கள் சந்தை விடுமுறையானால் செவ்வாயும் சேர்ந்து மூன்று. 2025 ஏப்ரல் 14 அப்படித்தான். தொடர்ந்து நான்காவது வந்தால் பட்டியலில் என்ன இருந்தாலும் போன் செய்யவும்.”

அடுத்த ஆண்டுப் பட்டியலைச் சந்தை வழக்கமாக டிசம்பரில் வெளியிடும். உங்களிடம் இப்படி ஒரு குறிப்பு இருந்தால், அதோடு இருக்கும் பட்டியல் எந்த ஆண்டுடையது என்று இன்றே ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.