வினா வங்கியில் பூஜ்யம் எங்கே இருக்கிறது?

ஒரு பள்ளியில் ஒரு வினாவுக்கு 100 பேரில் 73 பேர் சரியாக விடை எழுதுகிறார்கள். இன்னொரு பள்ளியில் அதே வினாவுக்கு 50 பேர்தான். வினா மாறவில்லை, எழுதியவர்கள்தான் வேறு. வினா வங்கியில் கடினத்தை வெறும் விழுக்காடாகப் பதிந்து வைத்தால், அது யாரிடம் எடுத்த கணக்கு என்பது மறைந்துபோகிறது.

டென்மார்க் கணிதவியலாளர் கியோர்க் ராஷ் 1960-இல் வெளியிட்ட நூலில் இதற்கொரு வழி தந்தார். தேர்வரின் திறனையும் வினாவின் கடினத்தையும் ஒரே அளவுகோலில் வைப்பதுதான் அது. அலகின் பெயர் லாஜிட். இரண்டும் சமமாக இருந்தால் சரியான விடைக்கான வாய்ப்பு 50 விழுக்காடு. தேர்வர் 1 லாஜிட் மேலே இருந்தால் 73. அப்படியென்றால் அந்த இரண்டு பள்ளிகளும் ஒரே கடினத்தைத்தான் சொல்லியிருக்கலாம். ஐட்டம் ரெஸ்பான்ஸ் தியரி மாதிரிகளில் மிக எளியது இதுவே.

சிக்கல் பூஜ்யத்தில் இருக்கிறது. பெரும்பாலும் அந்தத் தாளிலுள்ள வினாக்களின் சராசரிக் கடினத்தையே மென்பொருள் பூஜ்யமாக வைத்துக்கொள்ளும். ஆகவே ஒவ்வொரு தாளுக்கும் பூஜ்யம் வேறு. அவற்றை இணைக்க, வங்கியில் ஏற்கெனவே அளந்த சில வினாக்களைப் புதிய தாளிலும் சேர்க்கிறோம். இவை பொது வினாக்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. ஐந்து பொது வினாக்களின் வங்கி மதிப்புகள் -1.0, -0.4, 0.1, 0.6, 1.2. புதிய தேர்வில் கிடைத்தவை -1.3, -0.7, -0.2, 0.3, 1.9. முதல் நான்கும் ஒன்றுபோல 0.3 இறங்கியிருக்கின்றன. அது பூஜ்யம் நகர்ந்ததன் அடையாளம். புதிய மதிப்புகளோடு 0.3 கூட்டினால் சரியாகிவிடும். ஐந்தாவது மட்டும் 0.7 ஏறியிருக்கிறது. 0.3 கூட்டினால் 2.2, அதாவது பழையதைவிட ஒரு முழு லாஜிட் கடினம்.

இதைக் கவனிக்காமல் ஐந்துக்கும் சராசரி எடுத்தால், கூட்டவேண்டியது 0.1 மட்டும் என்று வரும். புதிய வினாக்கள் அனைத்தும் 0.2 லாஜிட் எளிதானவையாக வங்கியில் பதிவாகும். அவற்றைக் கொண்டு பிறகு தேர்வு எழுதுபவர்களின் திறன் அதே அளவு குறைத்து மதிப்பிடப்படும். ஒரே ஒரு வினா செய்யும் வேலை இது!

அது ஏன் நகர்ந்தது? தாளின் தொடக்கத்திலிருந்து கடைசிக்குப் போயிருக்கலாம். நேரம் போதாதவர்கள் அதைத் தொட்டிருக்கவே மாட்டார்கள். அச்சில் ஒரு படம் மங்கியிருக்கலாம். விடைக்குறிப்பே தவறியிருக்கலாம். அதை இணைப்பிலிருந்து விலக்கிவிட்டு, காரணத்தைத் தேட வேண்டும்.

தேர்வர் எண்ணிக்கையும் முக்கியம். திறனுக்கு மிகவும் பொருந்திய வினாவுக்கே, 100 பேர் எழுதினால் மதிப்பீட்டின் திட்டப்பிழை சுமார் 0.2 லாஜிட், 400 பேர் எழுதினால்தான் 0.1. எனவே 100 பேரிடம் தெரியும் 0.3 நகர்வை வைத்து எந்த வினாவையும் நீக்கிவிடாதீர்கள்.

புதிய வினாக்களைப் பதியும் முன், பொது வினாக்களின் பழைய, புதிய மதிப்புகளை ஒரு வரைபடத்தாளில் புள்ளிகளாக வையுங்கள். கோட்டை விட்டு விலகி நிற்கும் புள்ளியை விசாரித்து முடிக்கும்வரை வங்கியைத் தொட வேண்டாம்.