மீந்த சாதத்தை எத்தனை முறை சூடாக்கலாம்? 75 டிகிரி வெப்பம் மட்டும் போதாது

பெங்களூரு: தொழிற்சாலைகளும் வாடகை அறைகளும் நெருக்கமாக உள்ள ஹெப்பகோடி போன்ற பகுதிகளில், ஷிப்டு வேலைக்குச் செல்வோர் காலையில் வடிக்கும் சோற்றை மதியமும் இரவும் சூடாக்கி உண்பது வழக்கம். நன்றாகக் கொதிக்கவிட்டால் கிருமிகள் அழிந்துவிடும் என்ற நம்பிக்கையே இதற்குக் காரணம். அந்த நம்பிக்கை பாதி மட்டுமே உண்மை.

மறுபடி சூடாக்கும் உணவின் மையப்பகுதி 75 டிகிரி செல்சியஸை எட்டி, குறைந்தது 2 நிமிடங்கள் அதே வெப்பத்தில் இருக்க வேண்டும் என்று உணவகங்களுக்கான இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் சரிபார்ப்புப் பட்டியல் கூறுகிறது. ஆறிய குழம்பில் வெந்நீர் ஊற்றிச் சமாளிப்பதையும் அது ஏற்பதில்லை. வீட்டில் வெப்பமானி இல்லாதோர், குழம்பைக் கிளறியபடி அதன் நடுப்பகுதியும் கொதிக்கும்வரை சூடாக்க வேண்டும். மைக்ரோவேவில் ஓரம் ஆவி பறக்க, நடுவில் உணவு குளிர்ந்தே இருக்கக்கூடும் என்பதால் இடையில் நிறுத்திக் கிளறுவது அவசியம்.

இந்த வெப்பத்தையும் தாங்கும் ஒன்று அரிசியில் உண்டு. அதுதான் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்து. சோறு வேகும்போது அழியாத இவ்வித்துகள், சோறு வெதுவெதுப்பாக ஆறும்போது முளைத்துப் பெருகுகின்றன. சுமார் 30 டிகிரியில் இவை அரை மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் என்று கொண்டால், 6 மணி நேரத்தில் ஒன்று 4 ஆயிரத்தைத் தாண்டிவிடும். அப்போது அவற்றில் சில வகைகள் வெளியிடும் செரியுலைடு என்ற நச்சு 121 டிகிரியிலும் சிதைவதில்லை. கிருமி சாகும்; நச்சு தங்கிவிடும். சோற்றின் மணமும் சுவையும் மாறாமல் இருக்கலாம் என்பதால், முகர்ந்து பார்த்து முடிவு செய்வதில் பயனில்லை. உண்ட அரை மணி முதல் 6 மணி நேரத்துக்குள் தொடங்கும் வாந்தியே பெரும்பாலும் முதல் அறிகுறி.

பெல்ஜியத்தின் பிரசல்ஸ் நகரில் 2008-ஆம் ஆண்டு 20 வயது மாணவர் ஒருவர், 5 நாள்கள் அறை வெப்பத்தில் இருந்த ஸ்பகெட்டியை மைக்ரோவேவில் சூடாக்கி உண்டு உயிரிழந்தார். மிக அரிதான இந்நிகழ்வு 2011-இல் மருத்துவ ஆய்விதழில் பதிவானது. அவரைக் காக்க, அந்தச் சூடாக்கலால் இயலவில்லை.

எனவே நிபுணர்களின் கவலை அடுப்பில் வைக்கும் நிமிடங்களைப் பற்றியதன்று. ஒவ்வொரு சுற்றிலும் உணவு மெல்ல ஆறும் மணி நேரங்களைப் பற்றியது. மூன்று முறை சூடாக்கிய பாத்திரம், அந்த ஆபத்தான வெதுவெதுப்பை மூன்று முறை மீண்டும் கடக்கிறது. பிரிட்டன் உணவுத் தர முகமை ஒரே ஒருமுறை மட்டும் சூடாக்கச் சொல்கிறது. அமெரிக்க வேளாண் துறை எண்ணிக்கைக்கு வரம்பு வைக்காவிட்டாலும், ஒவ்வொரு முறையும் 74 டிகிரியை எட்ட வேண்டும் என்கிறது. இந்திய வீடுகளுக்கு, குறிப்பாகக் குளிர்சாதனப் பெட்டி இல்லாத அறைகளுக்கு, பிரிட்டனின் விதியே பொருத்தமாகத் தெரிகிறது.

குளிர்சாதனப் பெட்டி உள்ளவர்கள், ஆழமான பாத்திரத்தில் சோறு நடுவில் பல மணி நேரம் சூடாகவே இருக்கும் என்பதால், அதை அகன்ற தட்டில் பரப்பி 2 மணி நேரத்துக்குள் உள்ளே வைக்கலாம். பின்னர் அந்த வேளைக்குத் தேவையான அளவை மட்டும் எடுத்துச் சூடாக்கினால், மிச்சம் குளிரிலேயே இருக்கும். காலையில் வடித்து மாலைவரை வெளியில் இருந்த சோற்றை, எவ்வளவு சூடாக்கினாலும் உண்ணாமல் தவிர்ப்பதே நல்லது.