‘நன்று’ என்று எழுதினால் போதுமா?

பி.எட். மாணவர்களின் கற்பித்தல் பயிற்சிக் காலத்தில் வகுப்பின் பின் பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுப்பவர், வழிகாட்டி ஆசிரியரோ கல்லூரிப் பேராசிரியரோ, கடைசியில் ஒரு அறிக்கை தர வேண்டும். ‘குரல் நன்று, கரும்பலகைப் பயன்பாடு நன்று, வகுப்புக் கட்டுப்பாடு தேவை’ என்று பல அறிக்கைகள் முடிந்துவிடுகின்றன. பெயரை மாற்றினால் இது யாருக்கும் பொருந்தும். படிக்கிற பயிற்சி ஆசிரியைக்கு நாளை வகுப்பில் எதை மாற்றுவது என்று தெரியாது.

ஆறாம் வகுப்பில் வேற்றினப் பின்னங்களின் கூட்டல் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நோட்டில் இருக்கும் குறிப்புகள் இவை:

10.12 – 10.25: ஒன்பது கேள்விகள். ஏழுக்கு முன் இரண்டு பெஞ்சுகளே பதில்.
10.18: 1/3 + 1/4 எவ்வளவு? பையன்: 2/7. ‘தப்பு, உட்காரு.’
10.31: காகிதப் பட்டையை மடிக்கிறார்கள். கடைசி பெஞ்சு மாணவி: ‘துண்டெல்லாம் ஒரே அளவா இல்லையே மிஸ், எப்படிக் கூட்டுறது?’

நேரம், எண்ணிக்கை, பேசிய வார்த்தை மட்டுமே இதில் உண்டு. ‘பிள்ளைகளுக்கு ஆர்வமில்லை’ என்பதுபோன்ற தீர்ப்பை இந்த இடத்தில் எழுதிவிட்டால், பிறகு அதற்குச் சான்று கிடைக்காது.

அறிக்கைக்கு உட்காரும்போது எல்லாவற்றையும் கொட்ட வேண்டாம். நிலைத்த பலம் ஒன்றிரண்டு, மாற்ற வேண்டியது ஒன்று போதும். சமநிலை என்றால் பாராட்டும் குறையும் சம எண்ணிக்கையில் இருப்பதல்ல. இரண்டுக்கும் ஒரே அளவு சான்று இருப்பதுதான். எனவே முதல் பத்தி இப்படி அமையலாம்:

‘பட்டையை மடிக்க வைத்தீர்கள். துண்டுகள் ஒரே அளவில் இல்லாவிட்டால் கூட்ட முடியாது என்பதைக் கடைசி பெஞ்சு மாணவியே கண்டுபிடித்தாள். பொதுப் பகுதி எண் ஏன் வேண்டும் என்பதை வகுப்பே கண்ட இடம் இது.’

அடுத்த பத்தியை ‘ஆனால்’ என்று தொடங்காதீர்கள். அந்த ஒரு சொல் பாராட்டை அழித்துவிடும்.

‘10.18க்கு ஒரு மாணவன் 2/7 என்றான். மேலும் கீழும் தனித்தனியே கூட்டியிருக்கிறான். வேறு பிள்ளைகளும் அப்படி நினைத்திருக்கக்கூடும். அடுத்த வகுப்பில் தவறான விடை வந்தால், “எப்படிப் போட்டே?” என்று கேட்டுவிட்டு மூன்று விநாடி காத்திருங்கள்.’

மூன்று விநாடி என்பது சும்மா சொல்வதல்ல. அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் வகுப்புகளைப் பதிவு செய்து பார்த்தார். ஆசிரியர்கள் கேள்விக்குப் பிறகு சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்றாக்கியபோது பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, பதில் சொல்லாத பிள்ளைகள் குறைந்தார்கள். முன் பெஞ்சு மட்டுமே பதில் சொன்ன சிக்கலையும் இதே மாற்றம் கொஞ்சம் தொடும். அதைத் தனிக் குறையாக எழுதத் தேவையில்லை.

பின் பெஞ்சிலிருந்து பிள்ளைகளின் நோட்டு தெரியாது. அதனால் ‘எல்லோருக்கும் புரிந்தது’ என்றும் எழுத முடியாது.

வழிகாட்டி ஆசிரியர்களே, அறிக்கையை அன்று மாலையே கொடுத்துவிடுங்கள். பயிற்சி முடியும் நாளில் மொத்தமாகக் கொடுத்தால், திருத்திப் பார்க்க அவர்களுக்கு வகுப்பு மிச்சமிருக்காது.