நாலு மணி நேர வெயிலில் தக்காளி

சென்னையில் கிழக்குப் பார்த்த பால்கனிக்குக் காலை வெயில் மூன்று, நான்கு மணி நேரம்தான். தக்காளி நன்றாகக் காய்க்க ஆறு மணி நேரமாவது வேண்டும். பெரிய ரகங்களை இங்கே வைத்தால் செடி வளரும், காய் அரிதாகத்தான் பிடிக்கும். செர்ரி தக்காளியே சரி. சின்னப் பழத்துக்கு இலைகள் தயாரிக்கும் கொஞ்சம் சர்க்கரையே போதும். அக்டோபரில் விதைத்தால், இரவு குளிர்ந்திருக்கும் டிசம்பர், ஜனவரியில் பூக்கும். மே மாத வெப்பத்தில் பூ உதிர்ந்துவிடும்.

நிழலைவிட, நிழலில் நாம் ஊற்றும் தண்ணீர்தான் செடியை அதிகம் கெடுக்கிறது. வெயில் குறைந்த தொட்டி மெதுவாகத்தான் காயும். விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் அன்று ஊற்ற வேண்டாம். மண் ஈரமாக இருந்தும் செடி வாடி, அடி இலைகள் மஞ்சளானால் வேர் அழுகத் தொடங்கியிருக்கலாம்.

இலை கரும்பச்சையாகத் தழைத்தும் பூவே இல்லையென்றால் தழைச்சத்து மிகுதி. கடலைப் புண்ணாக்குக் கரைசலை நிறுத்துங்கள். காற்றில்லாத பால்கனியில், பூத்த பிறகு தினமும் காலையில் பூங்கொத்தின் காம்பை விரலால் மெல்லச் சுண்டுங்கள். மகரந்தம் அதே பூவின் சூலகமுடியில் விழுந்து காய் பிடிக்கும்.