பாஸ்புக்கில் பிடித்த 8,400 ரூபாய்

எதிர்வீட்டு அக்காவுக்கு 57 வயது. கணவர் இறந்தபின் வந்த பணத்தை வங்கியில் மறுமுதலீட்டு வைப்பில் போட்டிருக்கிறார். முதிர்வுக்கு இன்னும் இரண்டு வருடம். வட்டி கைக்கு வரவேயில்லை, ஆனால் சேமிப்புக் கணக்கிலிருந்து மட்டும் அவ்வப்போது பணம் குறைந்தது. பாஸ்புக்கை நீட்டி, "இது என்ன தம்பி, நான் எடுக்கவே இல்லையே?" என்றார். அந்த வரிகளின் பக்கத்தில் டி.டி.எஸ். என்று அச்சாகியிருந்தது. 2025-26 நிதியாண்டில் மொத்தம் 8,400 ரூபாய்.

வட்டி கைக்கு வராவிட்டாலும் கணக்கில் சேரச் சேர வங்கி வரி பிடித்தாக வேண்டும். அந்த ஆண்டில் ஒரே வங்கியில் எல்லாக் கிளைகளையும் சேர்த்து வட்டி 50,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் பிடிப்பார்கள். 60 வயதானவர்களுக்கு வரம்பு ஒரு லட்சம். பான் எண் கொடுக்காவிட்டால் 20 சதவீதம். அக்காவின் வட்டி 84,000. வாடகை 60,000 சேர்த்தாலும் வருமானம் 1,44,000தான். புதிய வரி முறையில் 4 லட்சம் வரை வரியே கிடையாது. ஆண்டுத் தொடக்கத்திலேயே 15ஜி படிவம் கொடுத்திருந்தால் ஒரு ரூபாயும் பிடித்திருக்க மாட்டார்கள். யாரும் அவரிடம் சொல்லவில்லை. எனக்கு ஆதங்கமே இதுதான்: வைப்பு போட வருபவரிடம் இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும்.

பிடித்த பணம் வங்கியில் இல்லை, வருமான வரித்துறைக்குப் போய்விட்டது. அதனால் கிளையில் போய்க் கேட்டுப் பயனில்லை. வரிக் கணக்கு தாக்கல் செய்துதான் வாங்க வேண்டும். incometax.gov.in தளத்தில் பான் எண்ணால் நுழைந்து, முதலில் Form 26AS-ஐப் பார்த்தோம். வங்கி அக்காவின் பான் எண்ணில் 8,400 கட்டியிருப்பது அங்கே தெரிந்தால்தான் பணம் திரும்பும். கடைசிக் காலாண்டின் விவரத்தைத் தர வங்கிக்கு மே 31 வரை நேரம் உண்டு என்பதால், ஜூனில் பார்ப்பதே நல்லது.

ஐ.டி.ஆர்.-1 படிவத்தில் அக்கா முதலில் 75,600 என்று எழுதப் போனார். பிடித்தம் போக மிச்சம் அதுதானே என்றார். அங்கேதான் பலரும் தவறுகிறார்கள். வருமானமாக முழு 84,000-ஐக் காட்டி, 8,400-ஐ கட்டிய வரியாகக் காட்ட வேண்டும். இரண்டும் துறையின் பதிவோடு ஒத்துப்போகும்.

பணம் வரவேண்டிய கணக்கைத் தளத்தில் சரிபார்த்துவிட்டு, தாக்கல் செய்த 30 நாளுக்குள் ஆதார் ஓ.டி.பி. மூலம் உறுதிசெய்ய வேண்டும். இதை விட்டுவிட்டால் தாக்கலே செல்லாது. ஜூலை 31 தவறினாலும் டிசம்பர் 31 வரை தாக்கல் செய்யலாம். வருமானம் 4 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்குத் தாமதக் கட்டணமும் இல்லை.

அக்கா அடுத்த ஆண்டுக்கான விலக்குப் படிவத்தை அன்றே கேட்டு வாங்கி, பாஸ்புக் உறைக்குள் செருகி வைத்துக்கொண்டார்.