நாற்பதைத் தாண்டாத டிரைவ்

கல்யாண வீடியோ எடுக்கும் ஒரு ஸ்டுடியோவை எடுத்துக்கொள்வோம். இரண்டு நாள் நிகழ்ச்சியின் காட்சிகள் 200 ஜிபி. புதிதாக வாங்கிய வெளி எஸ்எஸ்டி டிரைவில் அவற்றை ஏற்ற வேண்டும். டிரைவின் பெட்டியில் யுஎஸ்பி 3 என்றும், நொடிக்கு 5 கிகாபிட் என்றும் அச்சிட்டிருக்கிறது. நொடிக்கு 400 எம்பி வீதம் போனால் எட்டு நிமிடத்துச் சொச்சத்தில் வேலை முடிந்துவிடும். ஆனால் நகலெடுக்கத் தொடங்கிய சிறிது நேரத்தில் திரையில் தெரியும் வேகம் 38 எம்பிக்கு இறங்கி அங்கேயே நின்றுவிடுகிறது. அப்படியே போனால் கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம் ஆகும்.

பிழைச் செய்தி எதுவும் வருவதில்லை. கோப்புகள் ஒரு குறையும் இல்லாமல் போய்ச் சேருகின்றன. அதனால்தான் பலர் இந்தக் கோளாறை மாதக்கணக்கில் கவனிப்பதில்லை. கவனித்தவர்களில் பலர் டிரைவ் மட்டம் என்று முடிவுகட்டிக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். டிரைவின்மீது பெரும்பாலும் பழுது இருக்காது.

அந்த 38 என்ற எண்ணே முதல் துப்பு. 2000ஆம் ஆண்டில் வந்த யுஎஸ்பி 2, நொடிக்கு 480 மெகாபிட் வரை கடத்தக்கூடியது. எட்டால் வகுத்தால் 60 எம்பி வருகிறது. சாதனமும் கம்ப்யூட்டரும் ஒன்றுக்கொன்று பரிமாறிக்கொள்ளும் கட்டுப்பாட்டுச் செய்திகளுக்கும் காத்திருப்புகளுக்கும் போக, கையில் கிடைப்பது 35இலிருந்து 40 எம்பி, மிஞ்சிப்போனால் அதற்குச் சற்று மேல். 2008 நவம்பரில் அறிவிக்கப்பட்ட யுஎஸ்பி 3 தடத்தில் ஒரு நல்ல எஸ்எஸ்டி 400 எம்பியைத் தாண்டும். பழைய சுழல்தட்டு ஹார்டு டிஸ்க்கூட 100 எம்பிக்கு மேல் தரும். ஆகவே ஒரே பெரிய கோப்பைப் படிக்கும்போது வேகம் நாற்பதை ஒட்டி ஆடாமல் அசையாமல் நின்றால், டிரைவ் யுஎஸ்பி 2 தடத்தில் ஓடுகிறது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லிவிடலாம்.

இது எப்படி நேர்கிறது என்பதற்கு விடை, பிளக்கின் உள்ளேயே இருக்கிறது. வழக்கமான செவ்வக பிளக்கை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால், முன்பக்கம் நான்கு தட்டையான தொடுமுனைகள் தெரியும். மின்சாரத்துக்கு இரண்டு, தகவலுக்கு இரண்டு. இவை யுஎஸ்பி 2 காலத்தவை. யுஎஸ்பி 3 பிளக்காக இருந்தால் அவற்றுக்குப் பின்னால், சற்று ஆழத்தில், இன்னும் ஐந்து சிறிய முனைகள் இருக்கும். அனுப்புவதற்கு ஒரு ஜோடி, வாங்குவதற்கு ஒரு ஜோடி, நடுவில் ஒரு தரைக்கம்பி. புதிய வேகம் முழுவதும் இந்த ஐந்தின் வழியாக மட்டுமே போகிறது. பழைய நான்கு கம்பிகளை வேகப்படுத்தி உருவாக்கியது அல்ல யுஎஸ்பி 3. ஒரே உறைக்குள் பழைய தடத்தை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் தனியாக ஒரு புதிய தடம் போட்டிருக்கிறார்கள்.

டிரைவைச் செருகியதும் அது முதலில் புதிய தடத்தில் மறுமுனையைத் தேடுகிறது. மறுமுனை இருந்தால் இரண்டும் சமிக்ஞைகளைப் பரிமாறிச் சரிபார்த்துக்கொண்டு இணைகின்றன. மறுமுனை தென்படாவிட்டாலோ, தென்பட்டும் சமிக்ஞை மோசமாக இருந்து இணைப்பு நிலைக்காவிட்டாலோ, டிரைவ் பழைய நான்கு கம்பிகளுக்கு இறங்கிவிடுகிறது. பழைய கம்ப்யூட்டரிலும் புதிய டிரைவ் வேலை செய்ய வேண்டும் என்பதற்காகத் திட்டமிட்டுச் செய்த ஏற்பாடு இது. ஆனால் ஐந்து முனைகளில் ஒன்றில் அழுக்குப் படிந்திருந்தாலும் அதே ஏற்பாடுதான் சத்தமில்லாமல் வேலை செய்கிறது.

செருகும் விதமும் இதில் பங்கு வகிக்கிறது. ஆழத்தில் இருக்கும் ஐந்து முனைகளும் கடைசியில்தான் தொடுகின்றன. பிளக்கை மிக மெதுவாகத் தள்ளினால், அவை தொடுவதற்கு முன்பே மின்சாரம் கிடைத்த டிரைவ், புதிய தடம் இல்லை என்று எண்ணிப் பழைய தடத்தில் அமர்ந்துவிடுவதுண்டு. பாதி செருகிய நிலையிலும் இதுவே நடக்கும். எனவே டிரைவை முறைப்படி வெளியேற்றிவிட்டு, ஒரே மூச்சில் கடைசிவரை செருகிப் பார்ப்பதுதான் முதல் சோதனை. இந்த ஒன்றிலேயே சரியாகிவிடும் டிரைவ்கள் உண்டு.

அதிலும் சரியாகவில்லை என்றால் அடுத்துச் சந்தேகிக்க வேண்டியது கேபிளை. இன்று மிகுதியாக ஏமாற்றுவது டைப்-சி கேபிள்தான். இரு முனைகளும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். உள்ளே வேக ஜோடிக் கம்பிகள் இருக்கின்றனவா என்று வெளியிலிருந்து தெரியாது. போனுடன் வரும் சார்ஜிங் கேபிள்களில் பெரும்பாலானவற்றில் அவை கிடையாது. யுஎஸ்பி 2க்கு வேண்டிய கம்பிகள் மட்டுமே இருக்கும். 2023இல் வந்த ஐபோன் 15 புரோ நொடிக்கு 10 கிகாபிட் வரை கடத்தக்கூடியது. அதன் பெட்டியில் வந்த கேபிளோ 480 மெகாபிட் கேபிள். முழு வேகம் வேண்டுபவர்கள் தனியாக ஒரு கேபிள் வாங்க வேண்டியிருந்தது. தடிமனும் விலையும்கூட நம்பத்தக்க அடையாளங்கள் அல்ல. 240 வாட் சார்ஜ் செய்யக்கூடிய கனமான கேபிள், தகவலுக்கு யுஎஸ்பி 2 கம்பிகளோடு மட்டும் வருவது சாதாரணம். வாங்கும்போது உறையில் வாட் எண்ணை மட்டும் பார்க்காமல், 5 அல்லது 10 கிகாபிட் என்று எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நீளமும் முக்கியம். மூன்று மீட்டரைத் தாண்டிய யுஎஸ்பி 3 கேபிள்களை நம்பாமல் இருப்பது நல்லது. நீட்டிப்புக் கேபிள் சேர்த்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

சில ஆண்டுகளுக்கு முந்தைய கையடக்க ஹார்டு டிஸ்க்குகளில் அகலமான, இரண்டு பகுதிகளாகப் பிரிந்த மைக்ரோ-பி துளை இருக்கும். அதன் பெரிய பகுதியில் பழைய ஆண்ட்ராய்டு போனின் மைக்ரோ யுஎஸ்பி கேபிள் கச்சிதமாகப் பொருந்தும், டிஸ்க்கும் வேலை செய்யும். புதிய தடத்தின் ஐந்து முனைகளும் சிறிய பகுதியில் காலியாகக் கிடக்கும். அசல் கேபிள் தொலைந்த வீடுகளில் இந்த மாற்று ஏற்பாடு ஆண்டுக்கணக்கில் தொடர்வதுண்டு.

போர்ட்டைப் பொறுத்தவரை, நீல நிறம் ஒரு பரிந்துரைதான், கட்டாயமில்லை. பல லேப்டாப்களில் யுஎஸ்பி 3 போர்ட் கறுப்பாகவே இருக்கும். 2019இல் வந்த ராஸ்பெர்ரி பை 4 பலகையில் நான்கு போர்ட்கள். நீல நிறத்தில் உள்ள இரண்டு மட்டுமே யுஎஸ்பி 3. மேசைக் கம்ப்யூட்டரின் முன்பக்க போர்ட்களைத் தனியாகச் சந்தேகிக்க வேண்டும். அவை மதர்போர்டில் நேரடியாக இல்லை. பெட்டிக்குள் ஓடும் ஒரு கேபிள் வழியாக 19 முனை கொண்ட இணைப்பானில் சேர்கின்றன. கம்ப்யூட்டரைக் கோர்த்தவர் அந்த இணைப்பான் இல்லாத பழைய போர்டில் அடாப்டர் போட்டு 9 முனை யுஎஸ்பி 2 இணைப்பானில் மாட்டியிருந்தால், முன்பக்க நீல போர்ட் நிறத்தில் மட்டுமே யுஎஸ்பி 3. பின்பக்க போர்ட்டில் மாட்டிப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரிந்துவிடும்.

இப்படி மாற்றி மாற்றி மாட்டும் ஒவ்வொரு முறையும் 200 ஜிபியை நகலெடுத்துப் பார்க்கத் தேவையில்லை. எந்தத் தடத்தில் இணைந்தது என்பதைக் கம்ப்யூட்டரே சொல்லும். மேக்கில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பகுதியில் யுஎஸ்பி என்ற தலைப்பின் கீழ் டிரைவின் இணைப்பு வேகம் இருக்கும். விண்டோஸில் மைக்ரோசாஃப்டின் யுஎஸ்பிவியூ என்ற சிறிய நிரல் அதைக் காட்டும். லினக்ஸில் டிரைவைச் செருகியபின் `sudo dmesg` கட்டளையைக் கொடுத்தால், கடைசி வரிகளில் இந்த இரண்டில் ஒன்று தெரியும்:

```
new high-speed USB device number 6 using xhci_hcd
new SuperSpeed USB device number 7 using xhci_hcd
```

முதல் வரியைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. அது யுஎஸ்பி 2 வேகத்தின் பெயர். இரண்டாவது வரிதான் வேண்டியது. `lsusb -t` கட்டளையில் இதே செய்தி 480M, 5000M என்ற எண்களாக வரும்.

ஸ்டுடியோவின் டிரைவுக்கு வருவோம். செருகும் விதத்தை மாற்றியும் 480 என்றே காட்டியது என்று கொள்வோம். போன் கேபிளைக் கழற்றி டிரைவோடு வந்த குட்டைக் கேபிளைப் போட்டும் மாறவில்லை. பின்பக்க போர்ட்டிலும் அதேதான். ஆனால் அதே டிரைவும் அதே கேபிளும் வேறொரு லேப்டாப்பில் 5000 காட்டுகின்றன. அப்படியானால் கோளாறு அந்தக் கம்ப்யூட்டரில் இருக்கிறது. இனித் தெரிய வேண்டியது, போர்ட்டா, டிரைவர் மென்பொருளா என்பது. ஒரு பென் டிரைவில் உபுண்டு போன்ற லினக்ஸை ஏற்றி, எதையும் நிறுவாமல் அதிலிருந்தே கம்ப்யூட்டரைத் தொடங்கி, மீண்டும் `lsusb -t` கொடுத்துப் பார்க்கலாம். அங்கே 5000M வந்தால் கம்பிகள் அனைத்தும் சரி. விண்டோஸில்தான் டிரைவர் இல்லை.

ஸ்டுடியோவில் இருப்பது 2012, 2013 வாக்கில் வாங்கி, இன்னும் விண்டோஸ் 7இல் ஓடும் கம்ப்யூட்டர் என்றால் இந்த முடிவு எதிர்பார்க்கக்கூடியதே. லினக்ஸில் யுஎஸ்பி 3க்கான டிரைவர் 2009இலேயே வந்துவிட்டது. விண்டோஸிலோ 2012இல் வந்த விண்டோஸ் 8இல்தான் அது உள்ளேயே சேர்க்கப்பட்டது. விண்டோஸ் 7இல் தயாரிப்பாளரின் டிரைவரைத் தனியாக நிறுவ வேண்டும். அக்கால இன்டெல் போர்டுகளில் யுஎஸ்பி 2, யுஎஸ்பி 3 ஆகிய இரண்டுக்கும் தனித்தனிக் கன்ட்ரோலர்கள் இருந்தன. புதியதற்கு டிரைவர் இல்லாதபோது நீல போர்ட்டைப் பழைய கன்ட்ரோலரிடம் ஒப்படைக்கும் வசதியும் இருந்தது. போர்ட் செத்துப்போகாமல் காப்பாற்றிய அதே வசதி, வேகக் குறைவை மறைத்தும்விட்டது. டிவைஸ் மேனேஜரைத் திறந்தால் மஞ்சள் குறியோடு ஒரு யுஎஸ்பி கன்ட்ரோலர் நிற்கும். மதர்போர்டு தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடலுக்குரிய யுஎஸ்பி 3 டிரைவரை எடுத்து நிறுவி, மறுதொடக்கம் செய்தால் போதும்.

லினக்ஸிலும் 480M என்றே வந்தால், பயாஸ் அமைப்பில் யுஎஸ்பி 3 அல்லது எக்ஸ்ஹெச்சிஐ என்ற வரி அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதுவும் சரியாக இருந்தால் போர்ட்டின் ஐந்து முனைகளில் ஏதோ ஒன்று தேய்ந்தோ வளைந்தோ போயிருக்கும்.

ஒன்றை இங்கே பிரித்துச் சொல்ல வேண்டும். இணைப்பு 5000 என்று காட்டியும் வேகம் வராத டிரைவ்களும் உண்டு. மலிவான பென் டிரைவ்களின் நினைவகச் சில்லுகள் எழுதும்போது நொடிக்கு 10, 20 எம்பிக்கு மேல் தாங்காது. அவற்றில் வேகம் முதலில் எகிறி, பிறகு சரிந்து, ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். படிக்கும்போது மட்டும் நூறைத் தாண்டும். அங்கே கேபிளையோ போர்ட்டையோ மாற்றிப் பயனில்லை.

மேசைக் கம்ப்யூட்டரில் போர்ட்டே பழுது என்றால், மதர்போர்டை மாற்ற வேண்டியதில்லை. காலியாக உள்ள பிசிஐ எக்ஸ்பிரஸ் துளையில் ஒரு யுஎஸ்பி 3 கார்டு போடலாம். அந்தத் துளை இரண்டாம் தலைமுறையைச் சேர்ந்ததாக இருந்தால் ஒற்றைத் தடத்திலேயே நொடிக்கு 500 எம்பி வரை கிடைக்கும். ஓர் எஸ்எஸ்டிக்கு அது போதும். முதல் தலைமுறைத் துளை என்றால் 250 எம்பியோடு நிற்கும். அதிலும்கூட அந்த 200 ஜிபி கால் மணி நேரத்துக்குள் ஏறிவிடும்.