ஆவணியில் விழுந்த முப்பது

கோவையில் வீடு மாற்றிக் கொடுக்கும் தொழில் நடத்துகிற அண்ணன் ஒருவர் எனக்குப் பல வருடப் பழக்கம். இரண்டு லாரி, ஒரு குட்டியானை, எட்டு ஆட்கள். கூகுள் தேடலில் விளம்பரம் ஓட்டுகிறார். நாளுக்கு 600 ரூபாய். கணக்கை நான்தான் அவ்வப்போது பார்த்துக் கொடுப்பேன். போன ஆவணியில் ஒரு காலை டீக்கடைக்கு வரச் சொன்னார். போனதும் போனை என் முன்னால் தள்ளினார்.

"தம்பி, இந்தப் பெரிய தளத்துக்காரன் நம்மளை முடிச்சுட்டானுங்க. ஆடியில 68 இருந்தது, இப்போ 38. ரேட்டை ஏத்திவிட்டுரலாமா?"

அவர் காட்டியது Auction insights என்ற பக்கம். நாம் கலந்துகொள்ளும் ஏலங்களில் வேறு யாரெல்லாம் நிற்கிறார்கள் என்று தளப் பெயர் வாரியாகக் காட்டும் அட்டவணை அது. 68, 38 என்று அவர் சொன்னது அதில் இருக்கும் அவுட்ரேங்கிங் ஷேர் என்ற பத்தியின் எண். 'நாம் அவர்களை முந்திய அளவு' என்றுதான் யாரும் அதைப் படிப்பார்கள். முப்பது புள்ளி விழுந்தால் எதிராளி நம்மை மிதித்துவிட்டான் என்று தோன்றுவதில் தப்பே இல்லை. ஆனால் அந்த எண் எதை எதால் வகுத்து வருகிறது என்று பார்த்தால் கதை வேறு.

யாராவது 'கோவை பேக்கர்ஸ் மூவர்ஸ்' என்று தேடும் ஒவ்வொரு முறையும் கூகுள் ஒரு சின்ன ஏலம் நடத்துகிறது. நம் விளம்பரம் வரத் தகுதி இருக்கிற எல்லா ஏலத்திலும் நாம் தோன்றிவிடுவதில்லை. தகுதி இருந்தவற்றில் எத்தனையில் தோன்றினோம் என்பது இம்ப்ரெஷன் ஷேர். நாம் தோன்றியவற்றில் எத்தனையில் அந்த இன்னொருவரும் தோன்றினார் என்பது ஓவர்லாப் ரேட். இரண்டு பேரும் சேர்ந்து தோன்றியவற்றில் எத்தனை முறை அவர் நமக்கு மேலே நின்றார் என்பது பொசிஷன் அபவ் ரேட். மூன்றுக்கும் வகுக்கும் எண் ஒன்றல்ல, படிப்படியாகச் சுருங்கிக்கொண்டே போகிறது. எல்லாமே சதவீதமாக ஒரே வரிசையில் நிற்பதால் இது கண்ணில் படுவதில்லை.

அவுட்ரேங்கிங் ஷேருக்கு மட்டும் வகுக்கும் எண் மறுபடி பெரிதாகிவிடுகிறது. நாம் அவருக்கு மேலே வந்த தடவைகளையும், அவர் வராமல் நாம் மட்டும் வந்த தடவைகளையும் கூட்டி, நமக்குத் தகுதி இருந்த மொத்த ஏலத்தால் வகுக்கிறார்கள். நாம் தோன்றாமல் போன ஏலங்களும் இந்த மொத்தத்தில் அடக்கம். சுருக்கினால் இப்படி வரும்:

```
Outranking share = Impression share × (1 − Overlap rate × Position above rate)
```

வலப்பக்கம் முதலில் நிற்பது நம்முடைய சொந்த இம்ப்ரெஷன் ஷேர். எதிராளி அந்த வாரம் முழுக்கக் கடையைப் பூட்டிவிட்டு ஊருக்குப் போயிருந்தாலும் நம் அவுட்ரேங்கிங் ஷேர் நம் இம்ப்ரெஷன் ஷேரைத் தாண்டாது. நாம் 45 சதவீத ஏலத்தில்தான் தோன்றினோம் என்றால், உலகத்தில் யாரோடு ஒப்பிட்டாலும் உச்சம் 45தான்.

அண்ணனின் பில் புத்தகத்தைத் திருப்பி அதன் பின்னட்டையில் கணக்குப் போட்டேன். எண்களைக் கொஞ்சம் முழுமையாக்கித்தான் எழுதினேன்.

ஆடியில் ஒரு வாரம். தகுதி இருந்த ஏலம் 1000. இம்ப்ரெஷன் ஷேர் 80 சதவீதம். 800 தடவை தோன்றினார். பெரிய தளத்தோடு ஓவர்லாப் 50 சதவீதம். அதாவது 400 தடவை இருவரும் சேர்ந்து. அதில் 30 சதவீதம், 120 தடவை, தளம் இவருக்கு மேலே. 800-ல் 120 போனால் 680. ஆயிரத்துக்கு 68 சதவீதம்.

ஆவணியில் ஒரு வாரம். ஆடியில் ஒத்திப்போட்டவர்கள் எல்லாம் ஆவணி பிறந்ததும் பால் காய்ச்சக் கிளம்பிவிட்டார்கள். ஏலம் 2000. இம்ப்ரெஷன் ஷேர் 45 சதவீதம். 900 தடவை தோன்றினார். தளத்தோடு ஓவர்லாப் அதே 50 சதவீதம், 450. மேலே நின்றது அதே 30 சதவீதம், 135. மிச்சம் 765. இரண்டாயிரத்துக்கு 38 சதவீதம் சொச்சம்.

"பாருங்கண்ணா, ஓவர்லாப் 50, இப்பவும் 50. அவங்க மேல நின்னது 30, இப்பவும் 30. அவங்க ஒரு அடி நகரலை."

"அப்புறம் எப்படிங்க தம்பி முப்பது விழுந்துச்சு?"

விழுந்தது அண்ணனுடைய இம்ப்ரெஷன் ஷேர். ஏன் விழுந்தது என்பதை இந்த அட்டவணை சொல்லாது. அதற்குக் கேம்பெயின் பக்கத்தில் இரண்டு பத்திகளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்: Search lost IS (budget), Search lost IS (rank). முதலாவது காசு போதாமல் விட்ட ஏலங்கள், இரண்டாவது தரவரிசை போதாமல் விட்டவை. தோன்றியது, காசில் விட்டது, வரிசையில் விட்டது மூன்றையும் கூட்டினால் நூறு வரும். ஆடியில் அண்ணனுக்கு 80, 6, 14 என்று இருந்தது. ஆவணியில் 45, 43, 12. தேடல் இரட்டிப்பானது; பட்ஜெட் அதே 600-ல் நின்றது. இருக்கிற காசை நாள் முழுவதற்கும் நீட்டிக் கொடுக்க, கூகுள் இடையிடையே ஏலங்களுக்கு வெளியே இவரை உட்கார வைத்துவிட்டது.

இந்த நிலைமையில் ரேட்டை ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஒரு கிளிக்குக்குப் போகும் காசு கூடும், அதே 600 இன்னும் குறைவான கிளிக்கில் தீரும், இம்ப்ரெஷன் ஷேர் மேலும் இறங்கும், அவுட்ரேங்கிங் ஷேரும் கூடவே இறங்கும். அண்ணன் அதைப் பார்த்துவிட்டு மறுபடி ஏற்றச் சொல்வார். இப்படி ஏற்றி ஏற்றி ஓய்ந்துபோன கணக்குகளை நான் பார்த்திருக்கிறேன். எதிராளி யாரும் இல்லாமலே ஒரு சண்டை நடந்துகொண்டிருக்கும்.

அண்ணன் அடுத்த மூன்று வாரத்துக்கு மட்டும் பட்ஜெட்டை 1100 ஆக்கினார். எண் ஏறியது. அதோடு விஷயம் முடிந்தது.

உண்மையான நெருக்கடி வந்தது தையில். மார்கழி கழிந்ததும் மறுபடி சீசன் என்பதால் இந்த முறை முன்கூட்டியே பட்ஜெட்டை உயர்த்தி வைத்திருந்தோம். தகுதி இருந்த ஏலம் 2000, இம்ப்ரெஷன் ஷேர் 75 சதவீதம், 1500 தடவை தோன்றினார். காசில் விட்டது 3 சதவீதம்தான். வரிசையில் விட்டது 22. அட்டவணையில், முன்பு 12 சதவீத ஓவர்லாப்போடு கீழே எங்கோ கிடந்த உள்ளூர்ப் போட்டியாளர் ஒருவர் மேலே வந்து உட்கார்ந்திருந்தார். அவரோடு ஓவர்லாப் இப்போது 55 சதவீதம், சேர்ந்து தோன்றியது 825 தடவை. அதில் 60 சதவீதம், 495 தடவை, அவர் மேலே. 1500-ல் 495 போனால் 1005. அவுட்ரேங்கிங் ஷேர் 50 சதவீதம்.

அண்ணன் இதைப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்தார். ஆவணியில் 38 என்று பதறியவருக்கு 50 நல்ல மார்க்காகத் தெரிந்தது. அழுத்தமோ தையில்தான் இருந்தது.

பட்ஜெட் போதாததையும் உண்மையான அழுத்தத்தையும் பிரித்தறிய நான் அவுட்ரேங்கிங் ஷேரைக் கடைசியாகத்தான் பார்ப்பேன். ஓவர்லாப்பும் பொசிஷன் அபவும் ஒன்றாக ஏறியிருக்கிறதா, அதே வாரங்களில் நம் வரிசை இழப்பும் கிளிக் விலையும் ஏறியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இவை சேர்ந்து நகர்ந்தால் யாரோ உண்மையாகவே தள்ளுகிறார்கள். மாத மொத்தமாக வைத்துப் பார்த்தால் இது மங்கிவிடும்; வாரம் வாரமாகப் பிரித்துப் பார்த்தால் எந்த வாரத்தில் வந்தார் என்பதே தெரியும். தையில் வந்தவர் பொங்கலுக்கு அடுத்த வாரம் வந்திருந்தார்.

ஓவர்லாப்பில் ஒரு மறைவும் உண்டு. அது நாம் தோன்றிய ஏலங்களுக்குள் மட்டும் எடுக்கும் கணக்கு. எதிராளி நம்மைப் பக்கத்தை விட்டே தள்ளிவிட்ட ஏலங்கள் அதில் ஏறாது. அதனால் அழுத்தம் ரொம்பக் கடுமையானால் ஓவர்லாப் அப்படியே நிற்கலாம், வரிசை இழப்பு மட்டும் வீங்கும். தனியாக அந்த ஒரு பத்தியைப் பார்த்து 'அவன் அப்படியேதான் இருக்கிறான்' என்று சொல்லிவிடக் கூடாது. இன்னொன்று, ஓவர்லாப் இருபக்கமும் ஒத்த எண் இல்லை. பெரிய தளம் அண்ணனின் ஏலங்களில் பாதியில் நிற்கிறது. மாநிலம் முழுக்க விளம்பரம் செய்கிற அந்தத் தளத்தின் அட்டவணையில் அண்ணன் ஒரு ஓரத்தில்கூட இல்லாமல் இருக்கலாம். அண்ணனைக் குறிவைத்து அவர்கள் எதுவும் செய்யவில்லை என்று நான் சொன்னபோது அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

"அப்போ இந்த உள்ளூர்க்காரர் எவ்வளவு ரேட் வெச்சிருக்காருன்னு இதுல தெரியாதுங்களா?"

தெரியாது. ரேட்டும் தெரியாது, அவர் எந்தச் சொல்லுக்குக் காசு கட்டுகிறார் என்பதும் தெரியாது. ஏலத்தில் சந்தித்தார்கள் என்பது மட்டும்தான் பதிவு. அதனால் அட்டவணையைக் கேம்பெயின் அளவில் விடாமல் ஒவ்வொரு கீவேர்டாகத் தேர்ந்தெடுத்துத் திறந்தோம். ஆபீஸ் மாற்றும் சொற்களில் அந்த உள்ளூர்க்காரர் பேருக்குத்தான் இருந்தார். வீடு மாற்றும் சொற்களில்தான் ஓவர்லாப் எழுபதைத் தொட்டது. போதிய அளவு ஏலம் நடக்காத கீவேர்டுகளுக்கு அட்டவணையே வரவில்லை. சின்னக் கணக்குகளில் இது சகஜம்.

அண்ணனுக்கு ஒரு பழக்கம், தினம் காலையில் தன் போனில் தானே தேடி யார் மேலே இருக்கிறார்கள் என்று பார்ப்பது. கிளிக் செய்யாமல் தேடிக்கொண்டே இருந்தால் விளம்பரம் தோன்றிய கணக்கு ஏறும், கிளிக் ஏறாது. தன் கிளிக் விகிதத்தைத் தானே கெடுத்துக்கொள்வதுதான் மிச்சம். கணக்குக்குள்ளேயே Ad preview and diagnosis என்று ஒரு கருவி இருக்கிறது. அதில் தேடினால் எந்த எண்ணிக்கையிலும் சேராது. அதில்தான் உள்ளூர்க்காரரின் விளம்பரத்தைப் பார்த்தோம். ஒரு பெட்ரூம், இரண்டு பெட்ரூம், மூன்று பெட்ரூம் என்று தொடக்கக் கட்டணத்தை விளம்பரத்திலேயே போட்டிருந்தார். அண்ணனின் விளம்பரத்தில் 'தரமான சேவை, உடனே அழையுங்கள்' என்று மட்டும் இருந்தது. வரிசையை ரேட் மட்டும் தீர்மானிப்பதில்லை. விளம்பரத்தின் தரமும் அதில் சேரும். ரேட்டைத் தொடாமல் முதலில் விளம்பரத்தை மாற்றுவோம் என்றேன். இரண்டு பெட்ரூம் வீட்டுக்கு உள்ளூருக்குள் எவ்வளவு என்று வெளிப்படையாகப் போட அண்ணனுக்கு மனசே வரவில்லை. மாடி ஏற்றம் இருந்தால், லிஃப்ட் இல்லையென்றால் என்று டீ ஆறும் வரை கேட்டுவிட்டுத்தான் சம்மதித்தார்.

மூன்று வாரம் கழித்து உள்ளூர்க்காரரோடு ஓவர்லாப் 54. ஏறக்குறைய பழைய இடம்தான். அவர் மேலே நின்றது மட்டும் 60-லிருந்து 44-க்கு வந்திருந்தது. அண்ணனின் கட்டணப் பட்டியல் வேலை செய்ததா, அவர் தன் ரேட்டைக் குறைத்துக்கொண்டாரா என்று அட்டவணை சொல்லவில்லை. அண்ணனுக்குக் கவலை வேறு. மாடி ஏற்றத்துக்குத் தனிக்காசு என்று விளம்பரத்தில் எங்கே எழுதுவது என்று கேட்டுக்கொண்டிருந்தார்.